டிஜியில் 120 கிலோவாட் லோடு இருக்கும்போதே ரிவர்ஸ் பவர் ட்ரிப்: சோலாரோடு சேர்ந்து ஓடும் மருத்துவமனை

வார்டு_மின்பிரிவு எழுதியது:

எங்கள் மருத்துவமனையில் 500 கே.வி.ஏ. டிஜி இரண்டு. ஷட்டவுன் நாளில் ஒன்று ஓடும், மற்றது ஆட்டோவில் ஸ்டாண்ட்பை. மாடியில் 200 கிலோவாட் சோலார், 50 கிலோவாட் இன்வெர்ட்டர் நான்கு. ஈபி இல்லாதபோது டிஜியோடு சோலாரும் சேர்ந்து ஓடுவதற்கு ஒரு கன்ட்ரோலர் போட்டிருக்கிறார்கள். டிஜியில் குறைந்தது 30 சதவீதம், அதாவது 400 கிலோவாட்டில் 120 எப்போதும் இருக்க வேண்டும் என்று செட்டிங். பகல் லோடு 260 கிலோவாட் அளவில் இருக்கும். அதனால் சோலார் 140-க்கு மேல் போகாது.

மாதாந்திரப் பராமரிப்பு ஷட்டவுன் காலை 9 முதல் மதியம் 2 வரை. ஒரு மணி வரைக்கும் அழகாக ஓடுகிறது. ஒரு மணியைத் தாண்டி ஐந்து பத்து நிமிடத்தில் டிஜி பிரேக்கர் விழுகிறது. பேனலில் `Reverse Power`. ரிலே செட்டிங் 8 சதவீதம், 5 விநாடி. ஆனால் கன்ட்ரோலர் பதிவில் ட்ரிப்புக்கு முந்தைய விநாடி வரை டிஜி 120 கிலோவாட் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது என்று காட்டுகிறது. இரண்டு முறை இதே நேரத்தில் நடந்துவிட்டது. இரண்டாவது டிஜி வந்து லோடு எடுக்கும் வரை ஐசியூவும் ஆபரேஷன் தியேட்டரான ஓடியும் யூபிஎஸ்ஸில். நிறுவியவர்கள் ரிலே கெட்டுவிட்டது என்கிறார்கள். ரிலேவை டெஸ்ட் செட்டில் பார்த்தாயிற்று, சரியாக வேலை செய்கிறது. எங்கே பார்ப்பது?

பேனல்போர்டு_சேலம் எழுதியது:

பவர் ஃபேக்டரைப் பாருங்க சார். சோலார் யூனிட்டி பவர் ஃபேக்டர்ல கிலோவாட்டை மட்டும் எடுத்துக்கும், கே.வி.ஏ.ஆர். முழுக்க டிஜி தலையிலதான் விழும். உங்க லோடு 0.9னு வெச்சா 260 கிலோவாட்டுக்கு சுமார் 126 கே.வி.ஏ.ஆர். வரும். சோலார் 140 எடுத்துட்டா டிஜி பார்க்கிறது 120 கிலோவாட், 126 கே.வி.ஏ.ஆர். பவர் ஃபேக்டர் 0.69. இவ்ளோ மோசமான பவர் ஃபேக்டர்ல ரிலே ஏமாந்துடும். கேபாசிட்டர் பேனலை டிஜியிலயும் ஆன் பண்ணி 0.95-க்கு கொண்டு வாங்க, சரியாயிடும்.

பல்லடம்_கிளினிக் எழுதியது:

எங்க கிளினிக்ல 10 கே.வி.ஏ. ஹைப்ரிட் இன்வெர்ட்டர், பேட்டரியோட. கரண்ட் போனா அதுவே பார்த்துக்குது, டிஜியே ஸ்டார்ட் பண்றதில்ல. நீங்களும் ஹைப்ரிட்டா மாத்திட்டா இந்தப் பிரச்சினையே வராதே?

சின்க்ரோ_கிருஷ்ணகிரி எழுதியது:

கிளினிக் நண்பருக்கு: உங்களுடையது பேட்டரியை வைத்துத் தானே வோல்டேஜும் ஃப்ரீக்வென்சியும் உண்டாக்கும் இன்வெர்ட்டர். இவர்களிடம் இருப்பது சாதாரண கிரிட்-டை இன்வெர்ட்டர். எதிரே ஈபியோ டிஜியோ ஓடினால்தான் அதைப் பின்பற்றி ஓடும், தனியாக நிற்காது. பிரச்சினையே வேறு.

சேலம் நண்பர் சொன்ன கணக்கு சரி, முடிவு சரியில்லை. 0.69 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 500 கே.வி.ஏ. ஆல்டர்நேட்டர் முழு லோடில் 300 கே.வி.ஏ.ஆர். கொடுக்கவே செய்யப்பட்டது. இங்கே கேட்பது 126. மொத்தம் 174 கே.வி.ஏ.தான். ஆல்டர்நேட்டர் சும்மா நிற்கிறது என்றே சொல்லலாம். ஈபியில் பவர் ஃபேக்டர் குறைந்தால் பில்லில் வலிக்கும். டிஜியில் அந்த வலி கிடையாது.

கேபாசிட்டரை உள்ளே விடுவதுதான் ஆபத்து. பேனல் மேன்யுவலில் 150 கே.வி.ஏ.ஆரோடு நின்றுவிட்டது என்று வையுங்கள். லோடு கேட்பதே 126. மிச்சம் 24 ஆல்டர்நேட்டருக்குள் லீடிங்காகப் போகும். ஒரு பெரிய மோட்டார் நின்றால் அது இன்னும் கூடும். ஏவிஆர் எக்ஸைடேஷனைக் குறைத்துக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் பிடியை இழக்கும், வோல்டேஜ் ஏறும், இன்வெர்ட்டர்கள் ஓவர்வோல்டேஜில் விழும். டிஜியில் ஓடும்போது கேபாசிட்டர் பேனல் முழுசாக ஆஃப் ஆக வேண்டும். டிஜி பிரேக்கரின் ஆக்ஸிலரி கான்டாக்டிலிருந்து இன்டர்லாக் எடுத்தால் யாரும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கேள்வி கேட்டவருக்கு இரண்டு விவரம் வேண்டும். ஒன்று, ரிவர்ஸ் பவர் ரிலேவுக்கு எத்தனை சிடி வருகிறது? எந்த ஃபேஸ்? இரண்டு, ஒரு மணிக்கு முன்னும் பின்னும் ஆர், ஒய், பி தனித்தனியாக எத்தனை கிலோவாட்? மொத்தம் வேண்டாம். ஈபியில் ஓடும் சாதாரண நாளில் சோலாரை ஆஃப் செய்து மீட்டரில் பார்த்தால் போதும்.

வார்டு_மின்பிரிவு எழுதியது:

பார்த்துவிட்டேன். ரிலேவுக்கு ஒரே சிடி, பி ஃபேஸில்.

பன்னிரண்டரை மணிக்கு: ஆர் 110, ஒய் 95, பி 55. மொத்தம் 260.
ஒன்றேகால் மணிக்கு: ஆர் 110, ஒய் 95, பி 25. மொத்தம் 230.

ஒரு மணிக்கு ஓபி முடிகிறது. ஓபி பிளாக்கில் ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி இருபது இருக்கிறது. அந்த டிபி முழுவதும் பி ஃபேஸில் இருப்பது இப்போதுதான் தெரிந்தது.

சின்க்ரோ_கிருஷ்ணகிரி எழுதியது:

காரணம் கிடைத்துவிட்டது. ரிலே கெடவில்லை, அதற்குக் காட்டப்பட்ட ஃபேஸில் பவர் உண்மையிலேயே திரும்பியிருக்கிறது.

உங்கள் இன்வெர்ட்டர்கள் மூன்று ஃபேஸிலும் சமமாகத்தான் தள்ளும். 140 கிலோவாட் என்றால் ஃபேஸுக்கு 46.7. ஏசி ஓடும்போது டிஜியில் மிஞ்சுவது ஆர் 63, ஒய் 48, பி 8. மொத்தம் 120. கன்ட்ரோலருக்குத் திருப்தி. பி ஃபேஸ் நூலிழையில் நிற்பது அதற்குத் தெரியாது.

ஏசி அணைந்ததும் மொத்தம் 230. கன்ட்ரோலர் தன் கடமையைச் செய்து சோலாரை 110-க்கு இறக்குகிறது. ஃபேஸுக்கு 36.7. இப்போது டிஜியில் ஆர் 73, ஒய் 58, பி மைனஸ் 11.7. மொத்தம் அதே 120. ஒரு ஃபேஸின் முழு அளவு 133 கிலோவாட், அதில் 11.7 என்பது 8.8 சதவீதம். உங்கள் ரிலே 8-ல் இருக்கிறது. ஐந்து விநாடி எண்ணிவிட்டு ட்ரிப் கொடுக்கிறது. ஏசிகள் ஒவ்வொன்றாக அணைவதால்தான் சரியாக ஒரு மணிக்கு விழாமல் சில நிமிடம் தள்ளி விழுகிறது.

பேனல்போர்டு_சேலம் எழுதியது:

அப்போ ரிலேவை 15 சதவீதம், 20 விநாடிக்கு ஏத்தி விட்டா முடிஞ்சுதே சார். வயரிங்கை எதுக்குத் தொடணும்?

சின்க்ரோ_கிருஷ்ணகிரி எழுதியது:

ட்ரிப் நிற்கும். ஆனால் உண்மையான ரிவர்ஸ் பவர் வரும் நாளில் 20 விநாடி டிஜியை மோட்டாராக ஓட விடுவீர்கள். ஒரு ஃபேஸ் மட்டும் மைனஸ் ஆனால் என்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. தண்டுக்குத் தெரிவது மொத்த 120 மட்டுமே. மூன்றும் சேர்ந்து மைனஸ் ஆகும்போதுதான் கவர்னர் டீசலை முழுக்க மூடியும் வேகம் ஏறிக்கொண்டே போகும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத ரிலேவை வைத்துக்கொண்டு எண்ணை மட்டும் மாற்றுவதில் பயனில்லை. மூன்று சிடி எடுத்து மொத்த கிலோவாட்டைப் பார்க்கும் ரிலே போடுங்கள். செட்டிங் அதே 8 சதவீதம், 5 விநாடி இருக்கட்டும்.

வயரிங்கைத் தொடத்தான் வேண்டும், அதற்குக் காரணம் வேறு. ஆர் 110, பி 25 என்ற சமமின்மை சோலார் வந்ததால் வந்ததல்ல. சோலார் மூன்றிலும் சமமாகக் கழிக்கிறது, எனவே ஃபேஸ்களுக்கிடையே வித்தியாசம் அப்படியேதான் இருக்கும். சோலார் வருவதற்கு முன்பும் உங்கள் ஆல்டர்நேட்டர் இதைச் சுமந்துகொண்டுதான் இருந்தது. கே.வி.ஏ.ஆரை ஒதுக்கிவிட்டு உத்தேசமாகப் போட்டால் நெகட்டிவ் சீக்வென்ஸ் கரன்ட் ரேட்டிங்கில் 16 சதவீதத்தை ஒட்டி வருகிறது. இந்த வகை ஆல்டர்நேட்டர்களுக்குத் தொடர்ந்து அனுமதிப்பது 8 அளவில். ரோட்டர் முகத்தில் உள்ள டேம்பர் கம்பிகள் சூடாகும். ஆமீட்டரில் எந்த ஃபேஸும் ரேட்டிங்கைத் தாண்டாததால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

ஆர் ஃபேஸிலிருந்து எப்போதும் ஓடும் லோடு 25 கிலோவாட்டை பி-க்கு மாற்றுங்கள். ஏசியை மாற்றாதீர்கள், அது வந்து போகும் லோடு. மாற்றியபின் 85, 95, 80. ஏசி அணைந்தால் பி 50. அதில் சோலார் 36.7 போக டிஜியில் பிளஸ் 13 நிற்கும்.

வார்டு_மின்பிரிவு எழுதியது:

25 கிலோவாட் மாற்ற அடுத்த ஷட்டவுன் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் ஈபி போனால்?

சின்க்ரோ_கிருஷ்ணகிரி எழுதியது:

அதுவரை டிஜியின் குறைந்தபட்சத்தை 120-லிருந்து 160-க்கு ஏற்றிவிடுங்கள். ஏசி அணைந்த நிலையில் சோலார் 70-ல் நிற்கும், ஃபேஸுக்கு 23. பி ஃபேஸ் 25-லிருந்து கழித்தாலும் மைனஸ் போகாது. மணிக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் டீசல் கூடுதலாகப் போகும், அவ்வளவே. உங்கள் கன்ட்ரோலரில் மிகக் குறைந்த ஃபேஸைப் பார்த்துச் சோலாரைக் கட்டுப்படுத்தும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். சிலவற்றில் இருக்கிறது, ஆன் செய்யாமல் விட்டிருப்பார்கள்.

கூரைசோலார்_திருச்சி எழுதியது:

நல்ல விளக்கம். நான் இன்வெர்ட்டர் பக்கம் வேலை செய்கிறவன். ரிலே மாற்றும்போதே சோலார் இறங்கும் வேகத்தையும் சரிபார்த்துவிடுங்கள், அடுத்த பிரச்சினை அங்கிருந்துதான் வரும்.

கன்ட்ரோலர் ஆர்எஸ்-485 வயரில் நான்கு இன்வெர்ட்டருக்கும் ஒவ்வொன்றாகக் கட்டளை எழுதுகிறது. ஒன்றுக்குக் கால் விநாடி என்றால் கடைசி இன்வெர்ட்டருக்குப் போய்ச்சேர ஒரு விநாடி. அதன்பின் இன்வெர்ட்டர் தன் ரேம்ப் வேகத்தில் இறங்க வேண்டும். அந்த ரேம்ப் மெதுவாக வைக்கப்பட்டிருந்தால் 5 விநாடி போதாது. ஏறும் ரேம்ப் மெதுவாக இருக்கலாம், நிமிடத்துக்கு 10 சதவீதம்கூடப் போதும். இறங்கும் ரேம்ப் இன்வெர்ட்டர் அனுமதிக்கும் முழு வேகத்தில் இருக்க வேண்டும். நிறைய இடங்களில் இரண்டுக்கும் ஒரே மதிப்பைப் போட்டுவிடுகிறார்கள்.

வயர் அறுந்தால் என்ன ஆகும் என்பது இன்னொன்று. கட்டளை வராவிட்டால் சில இன்வெர்ட்டர்கள் கடைசியாகச் சொன்ன அளவிலேயே நிற்கும், சில 100 சதவீதத்துக்குப் போகும். தொடர்பு அறுந்தால் பூஜ்யத்துக்கு இறங்கு என்ற செட்டிங்கைத் தேடிப் போட வேண்டும். அதற்கும் சில விநாடி காத்திருப்பு இருக்கும், அதனால் அதை மட்டும் நம்ப முடியாது.

நாங்கள் வைப்பது இது: டிஜியின் மொத்த கிலோவாட் 40-க்குக் கீழே ஒரு விநாடி இருந்தால், தனி ரிலே ஒன்று சோலார் இன்கமர் பிரேக்கரை ஷன்ட் ட்ரிப் கொடுத்துத் தட்டிவிடும். கன்ட்ரோலரும் வேண்டாம், கம்யூனிகேஷனும் வேண்டாம், நேரடி வயர். சோலார் போனால் மருத்துவமனைக்கு ஒன்றும் ஆகாது, டிஜி முழு லோடையும் எடுத்துக்கொள்ளும். டிஜி பிரேக்கரைத் தட்டும் ரிவர்ஸ் பவர் ரிலே அதன் பின்னால் கடைசிக் காவலாக நிற்கட்டும்.

சோதிக்கும்போது வெயில் குறைந்த காலை எட்டரை மணிக்கு ஆரம்பியுங்கள். முதலில் ஆர்எஸ்-485 வயரைப் பிடுங்கிப் பாருங்கள். பிறகு உச்சி வெயிலில் சில்லர் மெஷினை நிறுத்திப் பாருங்கள். இரண்டிலும் டிஜி பிரேக்கர் அசையக்கூடாது.

கேம்பஸ்_மெயின்ட் எழுதியது:

இங்கே கல்லூரி கேம்பஸ். எங்களுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. டிஜியில் ஓடும்போது சோலார் சேரவே மாட்டேன் என்கிறது. கன்ட்ரோலர் எப்போதும் டிஜியில் லோடு பத்தலை என்று சோலாரைப் பூஜ்யத்தில் வைத்திருக்கிறது. டிஜி பேனலில் 180 கிலோவாட், கன்ட்ரோலர் திரையில் 60. அதை மேன்யுவலில் தள்ளினாலும் இன்வெர்ட்டர் `Grid Overfrequency` காட்டி நிற்கிறது.

சின்க்ரோ_கிருஷ்ணகிரி எழுதியது:

இரண்டு தனித்தனிக் கோளாறு. 180-க்குப் பதில் 60 என்றால் மிகச் சரியாக மூன்றில் ஒரு பங்கு. ஒரு சிடி திருப்பிப் போடப்பட்டிருக்கிறது. இரண்டு ஃபேஸ் பிளஸ், ஒன்று மைனஸ், கூட்டினால் ஒன்றுதான் மிஞ்சும். கன்ட்ரோலருக்கு வரும் சிடியில் எஸ்1, எஸ்2 வயர்களைப் பாருங்கள். டிஜி ஓடும்போது சிடி செகண்டரியைத் திறக்கக்கூடாது. ஷார்ட்டிங் லிங்க் போட்டுவிட்டு மாற்றுங்கள்.

ஓவர்ஃப்ரீக்வென்சி கவர்னர் விஷயம். உங்களுடையது 4 சதவீத ட்ரூப் உள்ள மெக்கானிக்கல் கவர்னராக இருக்கும் என்று நினைக்கிறேன். முழு லோடில் 50 ஹெர்ட்ஸ் என்றால் லோடு இல்லாதபோது 52, 30 சதவீதத்தில் 51.4. நம் ஊர் கிரிட் கோடு போட்ட இன்வெர்ட்டரின் மேல் எல்லை 50.5. அது எப்படிச் சேரும்? சோலார் ஏற ஏற டிஜியின் லோடு குறைந்து ஃப்ரீக்வென்சி இன்னும் மேலே போகும். டிஜி தனியாகத்தான் ஓடுகிறது என்றால் எலக்ட்ரானிக் கவர்னர் போட்டு ஐசோக்ரோனஸில் 50-ல் நிறுத்துங்கள். இன்வெர்ட்டர் எல்லையைப் பொதுவாக 52-க்குத் திறந்துவிடாதீர்கள், அது ஈபி பக்கத்துக்கும் பொருந்திவிடும். டிஜி பிரேக்கர் மூடியிருக்கும்போது மட்டும் இரண்டாவது செட்டிங்குக்கு மாறும் டிஜிட்டல் இன்புட் உங்கள் இன்வெர்ட்டரில் இருந்தால் அது வேறு.

பயோமெட்_நெல்லை எழுதியது:

மருத்துவமனைப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி. ஷட்டவுன் நேரத்தில் ஓடியில் கேஸ் நடந்துகொண்டிருந்தால், ஒரு டிஜியை மட்டும் நம்பிச் சோலாரோடு ஓடுவது சரியா அண்ணா? அது நின்றால் சோலாரும் சேர்ந்து நின்றுவிடும் இல்லையா? இரண்டு டிஜியும் சின்க்ரனைஸ் ஆகி ஓடினால் ஒன்று நின்றாலும் மற்றது தாங்குமே.

சின்க்ரோ_கிருஷ்ணகிரி எழுதியது:

நிற்கும். டிஜி போனால் இன்வெர்ட்டர்கள் உடனே ஆஃப். அடுத்த டிஜி வந்தபின் ஒரு நிமிடமாவது வோல்டேஜைக் கவனித்துவிட்டுத்தான் மறுபடி சேரும். ஆகவே அந்த இடைவெளியில் ஐசியூ, ஓடிக்கு யூபிஎஸ் மட்டுமே.

இரண்டு டிஜி ஓடினால் பாதுகாப்பு கூடும், ஆனால் ஒவ்வொன்றிலும் 120, மொத்தம் 240 டிஜியில் இருக்க வேண்டும். 260 லோடில் சோலாருக்கு இடம் 20 கிலோவாட்தான். சோலாரை அணைத்துவிட்டே ஓடலாம். ஒரு டிஜியோடு ஓடினால் மேகம் வந்து சோலார் முழுவதும் போனாலும் 260 அந்த ஒன்றின் 400-க்குள்தான் இருக்கிறது, அந்தக் கவலை கிடையாது. கவலை டிஜியே நிற்பதுதான்.

என் கருத்து: ஓடியில் கேஸ் இருக்கும் நேரத்தில் இரண்டு டிஜி, சோலார் ஆஃப். மணிக்கு சுமார் 32 லிட்டர்தான் சோலார் மிச்சப்படுத்துகிறது. மாதத்தில் ஐந்து மணி நேர ஷட்டவுனுக்கு 160 லிட்டர். அதற்காக ஓடியைப் பணயம் வைக்க மாட்டேன்.

ஜென்செட்_சர்வீஸ்_ஓசூர் எழுதியது:

இதுல நான் ஒத்துக்க மாட்டேன் அண்ணா. ரெண்டு டிஜியும் 130 கிலோவாட்ல அஞ்சு மணி நேரம் ஓடுறதும் நல்லதில்ல. 30 சதவீதத்தை ஒட்டியே ஓடினா டீசல் முழுசா எரியாது, எக்ஸாஸ்ட் ஜாயின்ட்ல கறுப்பா எண்ணெய் கசியும், டர்போவுல கரி பிடிக்கும். மாசாமாசம் இப்படி ஓட்டி, அவசரத்துக்கு முழு லோடு கேட்கிறப்போ என்ஜின் இழுக்காம திணறின இடம் நிறைய இருக்கு. எப்படி ஓட்டினாலும் கடைசி அரை மணி நேரம் சோலாரை ஆஃப் பண்ணி, ஒரே டிஜியில லோடை ஏத்தி எரிச்சுடணும். 260ன்னா 65 சதவீதம் வரும், அது போதும்.

கேஸ் இருக்கிறப்போ ஒரு டிஜி ஃபுல்லா, ரெண்டாவது ஸ்டாண்ட்பை, யூபிஎஸ் பேட்டரி டெஸ்ட் பண்ணி வெச்சிருக்கணும். இதுதான் என் வழி.

பயோமெட்_நெல்லை எழுதியது:

யூபிஎஸ் ஓடி லைட்டையும் மானிட்டரையும் தாங்கும். ஏஹெச்யூவும் சி-ஆர்மும் பல இடங்களில் யூபிஎஸ்ஸில் இருக்காது. அடுத்த டிஜி லோடு எடுக்கும் வரையிலான பன்னிரண்டு விநாடி இடைவெளியில் சி-ஆர்ம் நின்றுவிட்டால் மறுபடி பூட் ஆக நிமிடக்கணக்கில் ஆகும். அதையும் கணக்கில் எடுங்கள்.

கூரைசோலார்_திருச்சி எழுதியது:

அந்தப் பன்னிரண்டு விநாடியை மூட, தானே வோல்டேஜ் உண்டாக்கும் பேட்டரி இன்வெர்ட்டர் ஒன்றை பஸ்ஸில் வைக்கலாம். ஆனால் 260 கிலோவாட் லோடில் 100 கிலோவாட் பேட்டரி வைத்தால், டிஜி விழுந்த கணத்தில் அது ஓவர்லோடில் சேர்ந்து விழும். முக்கியமில்லாத ஃபீடர்களை அரை விநாடிக்குள் தட்டிவிடும் ஏற்பாடு கூடவே இருந்தால்தான் பயன்.

வார்டு_மின்பிரிவு எழுதியது:

இப்போதைக்குக் குறைந்தபட்சத்தை 160-க்கு ஏற்றிவிட்டேன். மூன்று சிடி ரிலேவும், சோலார் பிரேக்கருக்கு அண்டர்பவர் ட்ரிப்பும் ஆர்டர் போட்டாயிற்று. கேபாசிட்டர் பேனலைப் பார்த்தேன், டிஜி இன்டர்லாக் இல்லை, அதையும் சேர்க்கிறோம். ஓடி நேரத்தில் ஒன்றா இரண்டா என்பதை மயக்க மருந்து டாக்டர்களிடமும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். எங்கள் முக்கியமில்லாத ஃபீடர்களில் ஷன்ட் ட்ரிப் காயிலே இல்லை. பழைய எம்சிசிபி. அவற்றில் தனியாகக் காயில் சேர்க்க முடியுமா, இல்லை பிரேக்கரையே மாற்ற வேண்டுமா?

பேனல்போர்டு_சேலம் எழுதியது:

மாடலைப் பொறுத்தது சார். முன் கவரைத் திறந்தா ஆக்ஸிலரி போடற இடம் காலியா இருக்கான்னு பாருங்க. இருந்தா அதே கம்பெனி காயில் வாங்கி மாட்டிடலாம், பிரேக்கரை மாத்த வேண்டியதில்ல. வேற கம்பெனி காயில் உட்காராது. ஃபிரேம் ஆம்பியரையும் மாடல் நம்பரையும் இங்க போடுங்க, பார்த்துச் சொல்றேன்.